கிரேக்க நூல்கள் அரபிக்கு வந்தபோது இஸ்லாமிய இறையியலுக்கு என்ன நேர்ந்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்பு இயக்கம் என்கிறார்களே, அது எப்போது நடந்தது? யார் செலவு செய்தார்கள்?

அப்பாஸியர்கள் 762-ல் பக்தாதைக் கட்டிய சில ஆண்டுகளிலேயே தொடங்கி, 10-ம் நூற்றாண்டின் இறுதி வரை, இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. கலீஃபா மஃமூன் (ஆட்சி 813–833) ஒருவரே நடத்தியது போலப் பேசுவது வழக்கம். ஆனால் அவருக்கு முன்பே மன்சூரும் மஹ்தியும் நூல்களை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவருக்குப் பின் அமைச்சர்கள், மருத்துவர்கள், செல்வந்தர்கள் எனப் பலர் பணம் கொடுத்தார்கள். பனூ மூசா எனப்படும் மூன்று சகோதரர்கள் முழுநேர மொழிபெயர்ப்புக்காக மாதம் 500 தீனார் அளவில் செலவிட்டார்கள் என்று பழைய அரபு வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தக் காலத்தில் அது பெருந்தொகை.

மொழிபெயர்த்தவர்களில் பெரும்பாலோர் சிரியாக் மொழி பேசிய கிறிஸ்தவர்கள். தாபித் இப்னு குர்ரா போன்ற ஹர்ரான் ஊர்க்காரர்கள் சிலர், வானியலையும் கணிதத்தையும் பார்த்துக்கொண்டார்கள். கிரேக்கத்திலிருந்து நேரே அரபிக்கு வந்த நூல்கள் உண்டு. கிரேக்கத்திலிருந்து சிரியாக், அதிலிருந்து அரபி என்று இரண்டு படி கடந்து வந்தவையும் ஏராளம்.

எல்லாம் பைத்துல் ஹிக்மாவில் நடந்தது என்று படித்திருக்கிறேன். சரிதானே?

அந்தப் பெயரில் அரண்மனை நூலகம் ஒன்று இருந்தது உண்மை. கிரேக்க நூல்களை வரிசையாக மொழிபெயர்த்த ஒரு கழகமாக அது இயங்கியது என்பதற்குச் சான்று மிகக் குறைவு. இந்தத் துறையின் தலைசிறந்த மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், தானும் பிறரும் மொழிபெயர்த்த, கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களுக்கு விரிவான பட்டியல் ஒன்று எழுதி வைத்திருக்கிறார். எந்த நூலை யார் கேட்டார், யாருக்காகச் செய்தேன், பிரதி எங்கே கிடைத்தது என்றெல்லாம் அதில் உண்டு. பைத்துல் ஹிக்மா என்ற பேச்சே அதில் இல்லை.

மதத்துக்கும் இதற்கும் தொடர்பு பிற்காலத்தில்தான் வந்ததா? முதலில் மருத்துவமும் வானியலும்தானே?

தொடர்பு ஆரம்பத்திலேயே இருந்தது. கலீஃபா மஹ்தி (ஆட்சி 775–785) கேட்டு வாங்கிய நூல் அரிஸ்டாட்டிலின் ‘தோப்பிகா’. ஒரு கருத்தை எப்படித் தாக்குவது, எப்படிக் காப்பது, எதிராளியிடம் எந்த வரிசையில் கேள்வி கேட்டு மடக்குவது என்று சொல்லித்தரும் வாத நூல் அது. கிழக்குத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமொத்தேயு 782 வாக்கில், அபூ நூஹ் என்பவரின் துணையோடு சிரியாக் வழியாக அதை அரபியாக்கினார். தெளிவில்லாத இடங்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டது. மோசூல் பக்கத்து மார் மத்தாய் மடத்தில் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லி நண்பருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.

மஹ்தி இந்த நூலைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவர் ஆண்ட மக்களில் கிறிஸ்தவர்கள், யூதர்கள், மானி மதத்தார், ஜரதுஷ்டிரர் எல்லோரும் இருந்தார்கள். அவர்கள் பல தலைமுறையாக வாதப் பயிற்சி உள்ளவர்கள். இஸ்லாமிய நம்பிக்கையை அவர்கள் முன்னால் வாதிட்டு நிறுவவேண்டிய தேவை இருந்தது. மஹ்தியே அதே திமொத்தேயுவோடு உட்கார்ந்து இரண்டு நாள் மத விவாதம் நடத்தியிருக்கிறார்.

ஹுனைன் எப்படி மொழிபெயர்த்தார்? அன்றைக்கு அகராதிகூடக் கிடையாதே?

ஹுனைன் (808–873) ஹீரா ஊரைச் சேர்ந்த கிறிஸ்தவ மருத்துவர். அவர் வேலையில் பாதி, மூலத்தைச் சரிசெய்வதிலேயே போனது. கையெழுத்துப் பிரதி என்றால் எழுத்தர் விட்ட வரி, பூச்சி அரித்த தாள், மாறிக் கட்டப்பட்ட பக்கம் எல்லாம் இருக்கும். ஒரே பிரதியை நம்பினால் அந்தப் பிழை அப்படியே அரபிக்கும் வந்துவிடும்.

மருத்துவத்தின் பிரிவுகள் பற்றி கேலன் எழுதிய சிறு நூலின் கதையை அவரே சொல்கிறார். இருபது வயதை ஒட்டி, பிழை மலிந்த ஒரே ஒரு கிரேக்கப் பிரதியை வைத்து அதைச் சிரியாக்கில் மொழிபெயர்த்தார். நாற்பது வயதை நெருங்கியபோது மாணவர் ஹுபைஷ் அதைத் திருத்தித் தரச் சொன்னார். அதற்குள் ஹுனைனிடம் அந்நூலின் கிரேக்கப் பிரதிகள் பல சேர்ந்திருந்தன. முதலில் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சரியான ஒரே மூலத்தை உருவாக்கினார். பிறகு அதோடு தன் பழைய சிரியாக் மொழிபெயர்ப்பை வைத்துப் பார்த்துத் திருத்தினார். எதை மொழிபெயர்த்தாலும் இதுவே தன் வழக்கம் என்கிறார். சில ஆண்டுகள் கழித்து, பனூ மூசா சகோதரர்களில் ஒருவருக்காக அதே நூலை அரபிக்குக் கொண்டுவந்தார்.

தர்க்க நிரூபணம் பற்றிய கேலனின் பெரிய நூலைத் தேடி மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று சுற்றி அலெக்சாந்திரியா வரை போனார். தமஸ்கஸில் பாதி மட்டும் கிடைத்தது, அதுவும் வரிசை குலைந்து. எது அரபிக்கு வந்தது, எது வரவில்லை என்பதைப் பல நேரம் தீர்மானித்தது இந்தப் பிரதித் தட்டுப்பாடுதான்.

மொழிபெயர்ப்பில் பெரிய தவறு ஏதாவது நடந்து, அது இறையியலைப் பாதித்ததா?

ஆம், மிகப் பெரிய ஒன்று. 9-ம் நூற்றாண்டில் தத்துவஞானி அல்கிந்தியின் குழுவுக்காக இப்னு நாஇமா அல்ஹிம்ஸி ஒரு கிரேக்க நூலின் பகுதிகளை அரபியாக்கினார். ‘உதூலூஜியா’, அதாவது ‘அரிஸ்டாட்டிலின் இறையியல்’ என்று அது பரவியது. அதை எழுதியவர் அரிஸ்டாட்டில் அல்ல. அவருக்கு ஏறக்குறைய 600 ஆண்டுகள் பின்னால் வந்த புளோட்டினஸின் ‘என்னியட்ஸ்’ தொகுப்பின் கடைசி மூன்று பகுதிகளிலிருந்து எடுத்து, ஆங்காங்கே விரித்து எழுதப்பட்டது அது.

அரிஸ்டாட்டிலின் இறைவன் உலகின் அசைவுக்குக் காரணமானவன். உலகை உண்டாக்கியவன் அல்ல. புளோட்டினஸிடமோ ‘ஒன்று’ என்ற மூலத்திலிருந்து அறிவும், அறிவிலிருந்து ஆன்மாவும், அதிலிருந்து உலகமும் வழிந்து வருகின்றன. இரண்டும் ஒரே பெயரில் வந்ததால், ‘உலகம் இறைவனிடமிருந்துதான் வந்தது, ஆனால் அதற்கு ஆரம்பம் இல்லை’ என்ற நிலைப்பாட்டை அரிஸ்டாட்டிலின் பெயரிலேயே சொல்ல முடிந்தது. பின்னால் வந்த தத்துவஞானிகள் ஃபாராபியும் இப்னு சீனாவும் கட்டிய அமைப்பில் இந்த இரண்டு சரடும் சேர்ந்தே ஓடுகின்றன. அந்த நூல் மீது இப்னு சீனாவுக்கே சந்தேகம் இருந்தது. ஆனாலும் அதற்குக் குறிப்புரை எழுதினார்.

கலாம், முஃதஸிலா எல்லாம் கிரேக்கத் தத்துவத்தின் விளைவுதானே?

இல்லை. கலாம் என்பது நம்பிக்கையை வாதத்தால் நிறுவும் இஸ்லாமிய இறையியல். முஃதஸிலா அதன் தொடக்ககாலப் பிரிவுகளில் ஒன்று. முஃதஸிலாவின் முன்னோடியாகச் சொல்லப்படும் வாஸில் இப்னு அதா 748-ல், அப்பாஸிய ஆட்சி அமைவதற்கு முன்பே, இறந்துவிட்டார். பெரும்பாவம் செய்தவன் முஸ்லிமா, மனிதன் செயலுக்கு யார் பொறுப்பு, குர்ஆன் சொல்லும் இறைப் பண்புகளை எப்படிப் புரிந்துகொள்வது என்ற விவாதங்கள் சமுதாயத்தின் உள்ளேயே எழுந்தவை. 833-ல் மஃமூன் தொடங்கிய ‘மிஹ்னா’ விசாரணையில் கேட்கப்பட்ட ‘குர்ஆன் படைக்கப்பட்டதா’ என்ற கேள்விக்கும் அரிஸ்டாட்டிலிடம் விடை தேடவில்லை.

இன்னும் சொன்னால், கலாம் அறிஞர்களின் இயற்பியல் அரிஸ்டாட்டிலுக்கு நேரெதிர். பிரிக்க முடியாத அணுக்கள், அவற்றின் மேல் வந்து போகும் தன்மைகள், இவ்வளவுதான் உலகம் என்றார்கள். ஒரு தன்மை இரண்டு கணம்கூடத் தானாக நிலைக்காது. இறைவன் ஒவ்வொரு கணமும் அதைப் புதிதாகப் படைக்கிறான் என்பது கலாமின் இன்னொரு பிரிவான அஷ்அரிகளின் நிலை. அரிஸ்டாட்டிலோ அணுவையே மறுத்தவர்.

அப்படியானால் மோதல் எந்த இடத்தில் வந்தது?

பல இடங்களில் வந்தது. கூர்மையானது ஒரே கேள்வி: உலகம் கதீமா, ஹாதிஸா? அதாவது, தொடக்கமே இல்லாமல் என்றும் இருந்ததா, இல்லாதிருந்து பின் உண்டானதா?

கலாமில் இறைவன் இருக்கிறான் என்பதற்கான ஆதாரமே இதன் மேல்தான் நிற்கிறது. உலகம் ஹாதிஸ், ஹாதிஸான எதற்கும் உண்டாக்கியவன் வேண்டும், ஆகவே படைத்தவன் இருக்கிறான். முதல் கால் உடைந்தால் ஆதாரம் முழுவதும் சாய்ந்துவிடும்.

தத்துவவாதிகள் தட்டியது அந்த முதல் காலைத்தான். இறைவன் என்றும் மாறாதவன். அவனுடைய ஆற்றல், அறிவு, நாட்டம் எல்லாம் என்றும் முழுமையானவை. அப்படியிருக்க உலகம் ஏன் குறிப்பிட்ட அந்தக் கணத்தில் உண்டாக வேண்டும்? அதற்கு முன் என்ன குறைந்திருந்தது? குறை இருந்தது என்றால் இறைவனில் மாற்றம் வந்துவிடும். குறை இல்லை என்றால் காரணம் முழுதாக இருந்தும் விளைவு காத்திருந்ததாகிவிடும். இரண்டும் ஆகாது, ஆகவே உலகம் அவனோடு என்றும் இருக்கிறது, அவனைச் சார்ந்தே இருக்கிறது என்றார் இப்னு சீனா (980–1037). இது இறைமறுப்பு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். மறுக்க இவ்வளவு கடினமாக இருந்ததும் அதனால்தான்.

இதற்கு முஸ்லிம் இறையியலாளர்கள் என்ன பதில் சொன்னார்கள்? கொஞ்சம் விளக்கமாக.

பதிலின் முக்கியப் பகுதியும் கிரேக்கத்திலிருந்து வந்தது என்பதுதான் இதில் பலருக்குத் தெரியாத செய்தி. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யோவான் பிலோபோனஸ் என்ற கிறிஸ்தவ அறிஞர் 529-ல், உலகம் அநாதி என்ற கிரேக்கத் தத்துவஞானி புரோக்லஸின் 18 வாதங்களையும் ஒவ்வொன்றாக மறுத்து நூல் எழுதினார். பிறகு அரிஸ்டாட்டிலையும் மறுத்தார். அந்த வாதங்களும் அரபிக்கு வந்து சேர்ந்தன. அல்கிந்தி கலீஃபா முஃதஸிமுக்கு எழுதிய ‘முதல் தத்துவம்’ நூலில், அரிஸ்டாட்டிலைப் புகழ்ந்துகொண்டே, இந்தப் புள்ளியில் மட்டும் பிலோபோனஸின் பாதையில் போகிறார்.

அந்த வாதங்களில் ஒன்றை இமாம் கஸ்ஸாலி (1058–1111) தத்துவவாதிகளை மறுத்து எழுதிய ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’வில் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்ப்போம். சூரியன் ஒரு சுற்று முடிக்க 1 ஆண்டு, வியாழனுக்கு 12 ஆண்டு, சனிக்கு 30 ஆண்டு என்பது அன்றைய வானியல் கணக்கு. 360 ஆண்டுகளை எடுத்துக்கொண்டால் சூரியன் 360 சுற்று, வியாழன் 30, சனி 12. எவ்வளவு காலம் எடுத்தாலும் சனியின் சுற்று சூரியனுடையதில் முப்பதில் ஒரு பங்குதான். உலகம் தொடக்கமே இல்லாதது என்றால் இதுவரை நடந்த மூன்றின் சுற்றுகளும் முடிவற்றவை. முடிவற்ற ஒன்று இன்னொரு முடிவற்றதில் முப்பதில் ஒரு பங்காக எப்படி இருக்கும்? அதோடு இன்னொரு கேள்வி: நடந்து முடிந்த சுற்றுகள் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா? இரட்டை என்றால் ஒன்று சேர்ந்தால் ஒற்றை ஆகிவிடும். முடிவற்றதற்கு ஒன்று எப்படிக் குறையும்?

இதற்குத் தத்துவஞானி இப்னு ருஷ்து (1126–1198), கஸ்ஸாலியின் நூலை மறுத்து எழுதிய ‘தஹாஃபுத்துத் தஹாஃபுத்’தில் பதில் தருகிறார். விகிதம் என்பது ஆரம்பமும் முடிவும் உள்ள இரண்டு அளவுகளுக்கு இடையில்தான் இருக்க முடியும். 360 ஆண்டு ஒரு முழு அளவு. தொடக்கமில்லாத காலம் முழு அளவு அல்ல, அதற்கு மொத்தம் என்பதே கிடையாது. முடிந்த சுற்றுகள் இப்போது எங்கும் சேர்ந்து நிற்கவும் இல்லை.

கஸ்ஸாலி இந்தத் தப்பிப்பை முன்னமே எதிர்பார்த்திருந்தார். சுற்றுகள் மறைந்துவிட்டன, சரி. இறந்த மனிதர்களின் ஆன்மாக்கள் மறையவில்லை என்று இப்னு சீனா சொல்கிறாரே? மனித இனமும் அநாதி என்றால், முடிவற்ற எண்ணிக்கையில் ஆன்மாக்கள் இப்போது, ஒரே நேரத்தில், இருக்க வேண்டுமே? எதிராளியின் இரண்டு கொள்கைகளை ஒன்றோடொன்று மோதவிடும் இடம் இது. தஹாஃபுத்தில் வலுவான பக்கங்களில் ஒன்று என்றே சொல்லலாம்.

‘ஏன் அந்தக் கணத்தில்?’ என்ற கேள்விக்கு அவர் பதில் வேறு. உலகம் இன்ன நேரத்தில் உண்டாகட்டும் என்ற நாட்டம் அநாதியாகவே இருந்தது. உலகம்தான் அந்த நேரத்தில் வந்தது. ஒரே மாதிரியான இரண்டில் ஒன்றைத் தேர்வதுதான் நாட்டம் என்ற பண்பின் வேலை. ஒருவன் முன்னால் எல்லா விதத்திலும் ஒத்த இரண்டு பேரீச்சம்பழங்கள். ஒன்றைத்தான் எடுக்க முடியும். காரணம் இல்லை என்று அவன் பட்டினி கிடப்பானா, ஒன்றை எடுப்பானா என்று கேட்கிறார்.

இன்றைய கணிதத்தில் விகித வாதம் அப்படியே நிற்காது. முடிவற்ற தொகுப்பு ஒன்றும் அதன் பகுதியும் எண்ணிக்கையில் சமமாக இருப்பதில் முரண் இல்லை என்பது 19-ம் நூற்றாண்டுக்குப் பின் ஏற்கப்பட்ட விஷயம். முடிவற்ற வரிசை ஒன்று நடந்து *முடிந்திருக்க* முடியுமா என்ற பிலோபோனஸின் மற்றொரு வாதம் தனி. அது இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

கஸ்ஸாலிதான் முஸ்லிம்களிடையே அறிவியலையும் தத்துவத்தையும் முடித்துவைத்தார் என்கிறார்களே?

தஹாஃபுத்தைத் திறந்து பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. 1095-ல் முடித்த அந்த நூலில் 20 பிரச்சினைகளை எடுக்கிறார். அவற்றில் மூன்றுக்கு மட்டுமே குஃப்ர், அதாவது இஸ்லாத்தை விட்டே வெளியேற்றும் நிராகரிப்பு, என்று தீர்ப்பு: உலகம் அநாதி என்பது, இறைவன் தனித்தனி நிகழ்வுகளைப் பொதுவான முறையில் மட்டுமே அறிகிறான் என்பது, உடலோடு எழுப்பப்படுதல் இல்லை என்பது. மற்ற 17-ம் அவர் பார்வையில் பித்அத், அதாவது மார்க்கத்தில் புகுத்தப்பட்ட புதுமை, என்ற அளவுதான். கிரகணம் பூமியின் நிழலாலும் சந்திரன் குறுக்கே வருவதாலும் ஏற்படுகிறது என்ற கணக்கை மதத்தின் பெயரால் மறுப்பவன், மதத்துக்கே கெடுதல் செய்கிறான் என்று முன்னுரையிலேயே எச்சரிக்கிறார்.

சிக்கலான இடம் 17-வது பிரச்சினை. பஞ்சை நெருப்பில் வைத்தால் எரிகிறது. நெருப்புதான் எரித்தது என்பதற்கு நாம் காண்பது, நெருப்புப் பட்டபோது எரிந்தது என்பது மட்டுமே. அதனால்தான் எரிந்தது என்பதைக் கண் காண்பதில்லை என்கிறார். அற்புதங்களுக்கு இடம் வைப்பதே நோக்கம். காரண காரியத்தை அவர் முழுதாக மறுத்தாரா, தவிர்க்க முடியாத கட்டாயத்தை மட்டும் மறுத்தாரா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் பிரிந்து நிற்கிறார்கள்.

தர்க்கத்தை, அதாவது மன்திக்கை, அவர் தள்ளவே இல்லை. உசூலுல் ஃபிக்ஹ் எனும் சட்ட அடிப்படைகள் பற்றித் தன் கடைசிக் காலத்தில் எழுதிய ‘அல்முஸ்தஸ்ஃபா’வின் தொடக்கத்தில் மன்திக் பாடத்தை வைத்து, இது தெரியாதவனின் அறிவை நம்ப முடியாது என்றார். மன்திக் மதரஸாவுக்குள் காலூன்றியதில் இந்த முன்னுரைக்குப் பெரும் பங்கு உண்டு.

மன்திக்குக்கு எதிர்ப்பே இல்லையா?

நிறைய இருந்தது. 10-ம் நூற்றாண்டின் முதற்பாதியில் பக்தாதில் அமைச்சர் ஒருவரின் சபையில் இலக்கண அறிஞர் அபூ ஸஈத் அஸ்ஸீராஃபியும், அரிஸ்டாட்டிலை மொழிபெயர்த்த அபூ பிஷ்ர் மத்தாவும் மோதினார்கள். மத்தாவுக்குக் கிரேக்கம் தெரியாது, சிரியாக்கிலிருந்து மொழிபெயர்த்தவர். தெரியாத மொழியின் தர்க்கத்துக்கு எங்களை அழைக்கிறாயா என்று ஸீராஃபி பிடித்துக்கொண்டார். நமக்குக் கிடைத்த பதிவு ஸீராஃபி தரப்பிலிருந்து வந்தது. அதில் மத்தாவுக்குப் பேச வாய்ப்பே குறைவு என்பதையும் நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். பிற்காலத்தில் ஹதீஸ் அறிஞர் இப்னுஸ் ஸலாஹ் (இ. 1245) மன்திக்குக்கு எதிராக ஃபத்வா கொடுத்தார். இப்னு தைமிய்யா (இ. 1328) அதை உள்ளே புகுந்து மறுத்துப் பெரிய நூலே எழுதினார்.

இன்றைய அகீதா பாடத்தில், அதாவது நம்பிக்கைக் கோட்பாட்டுப் பாடத்தில், இதன் தடம் எங்கே தெரியும்?

தர்ஸே நிஜாமி எனும் மதரஸாப் பாடத்திட்டத்தில் உள்ள, தமிழ்நாட்டு அரபிக் கல்லூரிகளிலும் ஓதப்படும் ‘ஷரஹுல் அகாயித்’தை எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் நஸஃபீ (இ. 1142) எழுதிய சில பக்க அகீதா, விளக்கவுரை தஃப்தாஸானீ (இ. 1390). உலகம் அதன் எல்லாப் பகுதிகளோடும் ஹாதிஸ், அதை உண்டாக்கியவன் அல்லாஹ் என்று மூலம் சொல்கிறது. விளக்கவுரை உடனே அணுக்கள் இருக்கின்றனவா என்ற வாதத்துக்கும், தன்மைகள் நிலைக்குமா என்ற வாதத்துக்கும், முடிவற்ற காரணச் சங்கிலி ஏன் இயலாது என்பதற்கும் போகிறது. அல்லாஹ் என்ற சொல்லுக்கு அடுத்து அது தரும் விளக்கம் ‘வாஜிபுல் வுஜூத்’, இருந்தே ஆகவேண்டியவன். அது இப்னு சீனாவின் மையச் சொல். உலகம் அநாதி என்ற அவர் முடிவை மறுக்கும் அதே பாடத்தில் அவருடைய இந்தச் சொல் இருக்கிறது.

இந்தக் கலப்பை தஃப்தாஸானீயே ஒளிக்கவில்லை. பிற்காலத்தார் தத்துவத்தை மறுப்பதற்காக அதைக் கலாமில் கலந்து கலந்து, மறுமை போன்ற, வஹீ எனும் இறைச்செய்தி வழியாக மட்டுமே அறியக்கூடிய பாடங்கள் இருந்திராவிட்டால் இரண்டையும் பிரித்தறிவதே கடினம் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று அந்நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார்.